தாழ்ப்பாளும் என் சின்ன மருமகளும்

பிள்ளையை அடித்தாள், அதனால் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று தெருமுனைத் தையற்கடைக்காரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதே வாயால், பிள்ளை தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் போட்டு உடைத்தபோது என் சின்ன மருமகள் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள் என்றும் சொல்கிறாள். துணி தைக்கும்போது ஒரு கைக்கு ஒரு அளவு, மறு கைக்கு வேறு அளவு எடுப்பவள் அவள். கதைக்கும் அதே பழக்கம்தான்.

"அடிச்சாளா, வேடிக்கை பார்த்தாளா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு, அதுக்கு நான் பதில் சொல்றேன்" என்று நேராகவே கடைக்குப் போய்க் கேட்டேன்.

"எனக்கென்ன பெரியம்மா தெரியும், பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் அந்தக் குழந்தைகள் இல்லத்துக்குள்ள வந்து நின்னு பார்த்தாங்களா? நான் உள்ளே இருந்தேன். சமையலறையில உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு. எல்லாரும் எங்கே நின்னாங்கன்னு எனக்குத் தெரியலை."

அவள் தையல் இயந்திரத்தை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அது அவளுக்கு வசதி. நமக்கு அப்படி ஒரு சத்தம் கைவசம் இல்லை. நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வேண்டும்.

சத்தம் என்றால், முதலில் என் மருமகளின் தொண்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், அடுக்களையிலிருந்து "அத்தை, உப்பு எங்கே" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உப்புக் கிண்ணத்தோடு வந்து நிற்பார். ரகசியம் பேசத் தெரியாது. பேசினால் அது ரகசியமாக இருக்காது. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த வாசலுக்கு வருகிறது என்று கூவும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தாள். ஒலிபெருக்கி பழுதானபோது நிர்வாகத்தார் அதைச் சரிசெய்யவே இல்லை, தேவைப்படவில்லை.

பிறகுதான் குழந்தைகள் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்தாள். பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகள் தங்கும் இடம் அது. குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பள்ளி வண்டியில் ஏற்றி, திரும்பி வந்ததும் இறக்கி, தூங்கும்வரை கூட இருக்கிற வேலை. எனக்கும் அங்கே சமையலறையில் காய் நறுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். பிள்ளைகள் அவளுக்குச் சேர்ந்த வாரமே 'சைரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சைரன் அக்கா. அவளுக்கு அதில் பெருமை.

அந்த நாட்களில் ஒரு பிள்ளை கத்தினால் இவள் அதைவிடப் பெரிதாகக் கத்துவாள். "வாயை மூடு" என்று இவள் சொன்னால் பிள்ளை மூடும், நாய் மூடும், கொதிக்கிற பானைகூட ஒரு நிமிடம் யோசிக்கும். எல்லோரும் அவளைத் திறமைசாலி என்றார்கள். ஆனால் அடங்கிய பிள்ளை மத்தியானம் வேறு ஒரு பிள்ளையைக் கடித்து வைக்கும். உள்ளே போன சத்தம் எங்காவது வெளியே வர வேண்டுமே.

மிளகு மட்டும் அடங்கமாட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். ஆள் சிறிது, காரம் அதிகம், அதனால் அந்தப் பெயர். இந்த இல்லத்துக்கு வருவதற்கு முன்னால் அவளை வைத்திருந்தவர்கள், அழுதால் சாமான் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களாம். இது மேலாளருக்கும் தெரியும், பராமரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் கழிப்பறைக் கதவைக்கூடப் பாதி திறந்துதான் வைப்பாள். கோபம் வந்தால் கைக்கு எட்டியது பறக்கும். சைரன் கத்தினால் அவள் இன்னும் ஏறுவாள். இருவரும் சேர்ந்து கத்தும்போது நான் உரித்த கிழங்கை எண்ணிக்கொண்டு சமையலறையிலேயே இருந்துவிடுவேன்.

அப்போதுதான் பயிற்சி வந்தது. பிள்ளைகள் வேதனையில் இருக்கும்போதும் கோபத்தில் வெடிக்கும்போதும் பெரியவர்கள் நிதானமாக நடந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஓர் அமைப்பிலிருந்து பயிற்சியாளர் அம்மா ஒருத்தர் வந்தார். பருத்திப் பை, தட்டைச் செருப்பு, மெல்லிய குரல். சாப்பாட்டுக் கூடத்தில்தான் வகுப்பு. நடுவில் ஒரு சுவர்கூட இல்லாததால் எனக்கும் படிப்பு இலவசம்.

முதல் நாள் நாடகம் போட்டுப் பழகச் சொன்னார். மேலாளர் சார் கோபக்காரப் பிள்ளையாக நடிக்க வேண்டும், சைரன் அவரை அமைதிப்படுத்த வேண்டும். சார் மேசையைக் குத்தினார், நாற்காலியை உதைத்தார், "எனக்கு மரியாதை இல்லையா" என்று கத்தினார். எந்தப் பிள்ளையும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அவர் நடிக்கவில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். சைரன் இடுப்பில் கை வைத்து நின்று, "அமைதியா இருங்க" என்றாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பயிற்சியாளர் அம்மா சிரிக்கவில்லை. "இப்ப உங்க நெஞ்சு எப்படி அடிக்குது, தொட்டுப் பாருங்க" என்றார்.

சைரன் தொட்டுப் பார்த்தாள். "ஓடுது."

"உங்களுக்கே ஓடுதுன்னா பிள்ளைக்கு? பிள்ளையை அப்புறம் பார்க்கலாம். முதல்ல நீங்க. பாதம் தரையில இருக்கா, பாருங்க. மூச்சை மெதுவா வெளியே விடுங்க."

அப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். கோபத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது, அதனால் சொற்களைக் குறைத்துக்கொள். ஏன் செய்தாய் என்று அப்போது கேட்காதே, அவளுக்கே தெரியாது. நேருக்கு நேர் நின்று வழியை மறிக்காதே, கொஞ்சம் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, அவள் கண்ணுக்குக் கீழே உட்கார். அவளை இழுத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக வேடிக்கை பார்க்கிறவர்களை வெளியே அனுப்பு. யாருக்காவது காயம் படும் என்றால் தவிரக் கை வைக்காதே. மிரட்டாதே, மிட்டாயும் காட்டாதே. இரு. கூட இரு. அது இறங்கும். இறங்கினபிறகு தண்ணீர் கொடு. பேச்செல்லாம் அதற்கும் பிறகுதான்.

"நம்மால முடியலைன்னா?" என்று கேட்டாள் இன்னொரு பராமரிப்பாளர். ஆள் உயரம், கை நீளம், அவளை எல்லோரும் நெட்டை என்போம்.

"பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஒப்படைச்சுட்டு வெளியே போயிடுங்க. அது தோல்வி இல்லை. முடியாத ஆள் அங்கேயே நிக்கறதுதான் ஆபத்து."

நல்ல படிப்பு. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் மருமகள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. வீட்டில் எங்கள் மேலேயே பழக ஆரம்பித்தாள். ஒரு நாள் பால் பாத்திரத்தைக் கருக்கிவிட்டாள். நான் நாலு வார்த்தை சொன்னேன். உடனே இவள் அடுப்படியில் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்துகொண்டு, எங்கிருந்தோ கடன் வாங்கின குரலில், "உங்களுக்குக் கோபம் வந்திருக்கு அத்தை. நான் இங்கேதான் இருக்கேன்" என்றாள்.

"நீ இங்கே இருக்கறதுதான்டி பிரச்சினை. எழுந்து பாத்திரத்தைத் தேய்."

மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். எனக்கு இன்னும் ஏறியது. என் மகன் கூடத்திலிருந்து, "அம்மா, தண்ணி குடிங்க, இறங்கிடும்" என்றான். அவனையும் சேர்த்துத் திட்டினேன். அடுத்த வகுப்பில் இதைப் போய்ச் சொல்லியிருக்கிறாள். பயிற்சியாளர் அம்மா, "சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை ஒப்பிச்சா பிள்ளைக்கும் இப்படித்தான் எரிச்சல் வரும். மனசுல இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா சும்மா இருங்க" என்றாராம். அன்றைக்கு எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

மிளகிடம் முதன்முதலில் அது வேலை செய்ததை நான் பார்த்தேன். அம்மாவிடமிருந்து தொலைபேசி வர வேண்டிய நாள், வரவில்லை. தட்டு பறந்தது. சைரன் வாயைத் திறந்தாள், பெரிதாக மூச்சு இழுத்தாள், காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று நான் கத்தியைக் கீழே வைத்தேன். சத்தம் வரவில்லை. மற்ற பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பினாள். சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். இன்னொரு தட்டு பறந்தது. "வரலைன்னா கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அற்புதம் எல்லாம் நடந்துவிடவில்லை. இரண்டு பேரும் களைத்துப்போனார்கள். கடைசியில் மிளகு வந்து அவள் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். முகத்தைக் காட்டவில்லை. அப்புறம் இருவரும் சேர்ந்து உடைந்ததைப் பெருக்கினார்கள்.

இது இப்படியே போயிருந்தால் நான் இன்றைக்குத் தையற்கடையில் தொண்டையைக் கிழித்திருக்க வேண்டாம். மேலாளர் சாருக்குப் பயிற்சி பிடித்துவிட்டது. அதுதான் வினை.

ஒரு நல்ல காரியம் சாருக்குப் பிடித்தால் முதலில் அதற்கு ஒரு பலகை செய்வார். தொழிற்சாலைகளில் விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி வைப்பார்களே, அதேபோல் வாசலில் 'கோபமில்லாத நாட்கள்' என்று பலகை மாட்டி, தினமும் காலையில் தன் கையாலேயே எண்ணை மாற்றினார். எண் ஏற ஏறப் பராமரிப்பாளர்களுக்குப் பாராட்டு. எந்தப் பிள்ளையாவது கத்தினால் எண் பூஜ்யத்துக்கு வரும். அதனால் பிள்ளைகள் கத்தவில்லை. கத்தினாலும் கத்தவில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒரு நாள் சின்னப் பையன் ஒருவன் உருண்டு புரண்டு அழுதபோது, நெட்டை அவன் காதருகே குனிந்து, "கண்ணா, பலகை, பலகை" என்றாள். அவன் அதற்கும் சேர்த்து அழுதான்.

அடுத்து அமைதி மூலை. பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் தானாகப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், மெத்தை, மங்கலான விளக்கு, கட்டிப்பிடிக்க ஒரு தலையணை இருக்கட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், போவதும் வருவதும் பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும் என்று பயிற்சியாளர் அம்மா சொல்லியிருந்தார். சாருக்கு மூலை போதவில்லை. பழைய சாமான் அறையைக் காலி செய்து, நீல வண்ணம் அடித்து, வெள்ளை மேகம் வரைந்து, 'அமைதி அறை' என்று பெயர்ப்பலகை வைத்தார். உண்மையிலேயே அழகாக இருந்தது. வெளிப்பக்கம் புத்தம்புதுத் தாழ்ப்பாளும் போட்டார்.

"சார், இதுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?" என்றாள் சைரன்.

"கதவுன்னா தாழ்ப்பாள் இருக்கும்மா. உங்க வீட்டுக் கதவுக்கு இல்லையா?"

"எங்க வீட்டுல உள்பக்கம் இருக்கு சார்."

"பாதுகாப்புக்குத்தான். பூட்டப்போறது யாரு?"

பூட்டப்போவது யார் என்று ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. "அமைதி அறைக்குப் போறியா" என்றால் சாப்பிடாத பிள்ளை சாப்பிட்டது, எழுதாத பிள்ளை எழுதியது. பிள்ளைகள் விளையாட்டில் சண்டை வந்தால், "உன்னை அமைதியில போட" என்று ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டார்கள். மிளகு அந்தப் பக்கமே போவதில்லை. கழிப்பறைக்குப் போக அந்தக் கதவைத் தாண்ட வேண்டும் என்பதால் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். சைரன் திரும்பத் திரும்பப் போய்ச் சாரிடம் சொன்னாள். சார், "உனக்கு அந்த அறையோட அழகு புரியலை" என்றார்.

பிறகு, இல்லத்துக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள் பார்வையிட வந்தார்கள். அன்றைக்குத்தான் மிளகின் அம்மா நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. விருந்தாளிகள் இருக்கும்போது அழுகையும் கண்ணீரும் எதற்கு என்று சார் அந்த அம்மாவிடம் இன்றைக்கு வரவேண்டாம், வேறொரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதை மிளகிடம் யாரும் சொல்லவில்லை. சைரனிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் தலையை வாரிப் பின்னி, வாசல் படியில், சரியாக அந்தக் 'கோபமில்லாத நாட்கள்' பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகள் அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். "என்ன சமத்தா உட்கார்ந்திருக்கா" என்றார் ஓர் அம்மா.

உள்ளே தேநீர் கொடுக்கும்போது, வாசலை எட்டிப் பார்த்த நெட்டை மிளகிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "உங்கம்மா இன்னைக்கு வரமாட்டாங்கடி, சார் வேண்டாம்னுட்டார், வா உள்ளே."

மிளகு உள்ளே பாய்ந்து வந்தாள், தேநீர்க் கோப்பைகள் பறந்தன. விருந்தாளிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சைரன் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஓடி வருவதற்குள் சார் நெட்டையைப் பார்த்து, "அமைதி அறை, அமைதி அறை" என்று கைகாட்டினார். நெட்டைக்கு அன்றைக்குப் படிப்பெல்லாம் மறந்துபோயிற்று. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அதுவரை அந்தப் பிள்ளை போட்டது கோபச் சத்தம். தாழ்ப்பாள் விழுந்ததும் வந்தது வேறு சத்தம். அதை நான் சொல்லிக்காட்டமாட்டேன். கையில் இருந்த கிழங்கு கீழே விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

சைரன் நேராகப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். கதவை அகலமாகத் தள்ளி, வழியை விட்டு ஓரமாக, நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலையணை வந்து முகத்தில் விழுந்தது. விளக்கு வந்து தோளில் பட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சை வெளியே விட்டாள். திரும்பிப் பார்க்காமல், பின்னால் ஓடி வந்து நின்ற என்னிடம் தாழ்ந்த குரலில், "அத்தை, பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. வந்தவங்களையும்" என்றாள்.

"வந்தவங்களையா?" என்றார் சார்.

"ஆமா சார். பிள்ளையை இத்தனை பேர் பார்க்க வேண்டாம்."

"அவங்க யாரு தெரியுமா? கோட்டும் சூட்டும் போட்டவங்களைப் பிள்ளைகளோட முற்றத்துல நிறுத்தச் சொல்றியா? என்ன நினைச்சுக்கிட்டிருக்கே நீ? இங்கே நான்தான் மேலாளர்." கை ஆடியது, முகம் சிவந்தது, ஒரு நாற்காலிகூட நகர்ந்தது.

சமத்து என்று சொன்ன அந்த விருந்தாளி அம்மா என் காதருகே, "இவரும் பயிற்சி எடுத்தாரா?" என்று கேட்டார்.

"முதல் நாளே எடுத்தார்மா. பிள்ளை வேஷம்" என்றேன். நான் பிள்ளைகளையும் விருந்தாளிகளையும் ஓட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். விருந்தாளிகள்தான் வரிசையில் நிற்கச் சிரமப்பட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது, நெட்டையிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சைரன் பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நிறைய இடம் விட்டு. "அம்மா வர்றதா இருந்தாங்க. இங்கே இருந்துதான் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உனக்கு முதல்லயே சொல்லியிருக்கணும். யாரும் சொல்லலை."

"நீயும் பொய்" என்றது உள்ளிருந்து குரல்.

"எனக்கும் சொல்லலை. கதவு திறந்துதான் இருக்கு."

சாருக்கு மூச்சு வாங்கியது. ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னக் கால் நிலைப்படிக்கு வந்து சைரனின் முழங்காலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். மிளகு பாதியைக் குடித்தாள், பாதியைக் கொட்டினாள்.

பிள்ளை என் அருகில் வந்து உட்கார்ந்தபிறகு சைரன் சமையலறைக்கு வந்து, "அத்தை, அந்த முனை மழுங்கின கத்தியைக் கொடுங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தாழ்ப்பாளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தாழ்ப்பாளைச் சாரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் சார் அவளைக் கூப்பிட்டார். நான் மேசை துடைக்கும் சாக்கில் உள்ளேயே இருந்தேன். பொருளைச் சேதம் செய்தது, விருந்தாளிகளை அவமதித்தது என்று ஆரம்பித்தவர், "நீயே உன் கையால அதைத் திரும்ப மாட்டிட்டு ஒரு மன்னிப்பு கேட்டுடு. வேலையில இரு" என்றார்.

"மாட்டமாட்டேன் சார். தாழ்ப்பாள் இருந்தா நாளைக்கு நான் இல்லாத நேரத்துல யாராவது போடுவாங்க. அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், பயத்துல கை அதைத்தான் தேடும்."

"அப்ப நீ இங்கே இருக்க முடியாது."

"சரி. நான் போறேன். ஆனா தாழ்ப்பாளோட சேர்த்துக் கதவையும் எடுத்துடணும், அதைப் பார்த்துட்டுத்தான் போவேன்."

சார் பேரம் என்று புரிந்துகொண்டதும் நிம்மதியானார். அவருக்குத் தெரிந்த மொழி அது. இவள் தொல்லை ஒழிகிறது, போனது ஒரு கதவுதானே. "பயிற்சி அமைப்புக்கு நீ எதுவும் சொல்லக்கூடாது" என்றார். சொல்லமாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை என்பதை நான் துடைத்த மேசைமேல் சத்தியமாகச் சொல்வேன். பயிற்சியாளர் அம்மாவிடம் அன்றைக்கு மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தச்சர் வந்து கதவைக் கீலோடு கழற்றினார். சைரன் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். கதவைச் சுவரில் சாய்த்துவைத்தது போதாது என்று வண்டியில் ஏற்றி அனுப்பச் செய்தாள். சார், "சரி, பிள்ளைகள் பள்ளியில இருக்கும்போதே கிளம்பிடு, சத்தமில்லாம முடியட்டும்" என்றார்.

"சொல்லாம போகமாட்டேன் சார். சொல்லாமலே நிறைய பேர் போயிட்டாங்க அவங்களுக்கு."

பள்ளி வண்டி வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகளிடம் கூடத்தில் சொன்னாள். சிலர் அழுதார்கள், சிலர் அடுத்து யார் வருவார்கள், அவர்களுக்குப் பாட்டுத் தெரியுமா என்று கேட்டார்கள். மிளகைத் தனியாக முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் இன்னைக்கு வேலையை விட்டுப் போறேன். நீ செஞ்ச எதுக்காகவும் இல்லை. நாளைக்கு நான் வரமாட்டேன்."

"எப்ப வருவே?"

"பார்க்க வர அனுமதி கேட்டிருக்கேன். கிடைக்குமான்னு தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்."

மிளகு கையில் இருந்த புத்தகப் பையை எறிந்தாள். தண்ணீர்க் குவளையை எறிந்தாள். வேறு எதுவும் கிடைக்காமல், வாசலுக்கு ஓடி, சைரன் அங்கே விட்டிருந்த செருப்பில் ஒன்றை எடுத்து வந்து மதிலுக்கு அப்பால் வீசினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சாக்கடை. சைரன் தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவளுக்கே முகம் கோணிக்கொண்டு போயிற்று, மூச்சு நிதானத்துக்கு வரவில்லை, பாதத்தைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முடியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

நெட்டை வந்தாள். கூப்பிடாமலே வந்தாள். அவ்வளவு உயரத்தை எங்கே மடித்து வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, பக்கவாட்டாக, கொஞ்சம் தள்ளி, மண்ணிலேயே உட்கார்ந்தாள். "நான் பார்த்துக்கிறேன் அக்கா, நீங்க போங்க" என்றாள். மிளகைப் பார்த்து, "அன்னைக்கு உன்னை இழுத்தது தப்பு" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. நல்லவேளை.

மிளகு நெட்டையின் மேலும் ஒரு பிடி மண்ணை எறிந்தாள். நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

சைரன் எழுந்து வாசலுக்கு வந்தாள். மீதி இருந்த ஒற்றைச் செருப்பில் காலை நுழைத்தாள்.

"அந்தச் செருப்பையும் வெச்சுட்டுப் போ" என்று முற்றத்திலிருந்து கத்தினாள் மிளகு.

என் மருமகள் குனிந்து அதைக் கழற்றிப் படியின் ஓரமாக வைத்தாள். பிறகு வெறும் காலோடு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.